எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொண்ட கதை: முதல் முறை சொதப்பியது, இரண்டாம் முறை நின்றது

சொந்தமாக வடிவமைப்பு வேலை செய்கிறேன். நிறுவனங்களின் ஆண்டறிக்கை, பயிற்சிக் கையேடு, விளக்கப் புத்தகம், இந்த மாதிரி. வேலை வருவதும் பணம் வருவதும் ஒரே சமயத்தில் நடக்காது. இன்று முடித்துக் கொடுத்த வேலைக்கு அறுபது நாள் கழித்துப் பணம் வரும். சில சமயம் மூன்று பேர் ஒரே வாரத்தில் அனுப்புவார்கள், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஈ ஓட்ட வேண்டியதுதான்.

தொழில் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் எல்லாப் பணமும் ஒரே கணக்கில்தான் வந்தது, அதிலிருந்தேதான் போனது. மாதத் தொடக்கத்தில் மனைவி கேட்பாள்: "இந்த மாசம் எவ்வளவுங்க வரும்?" நான், "வரும், பாப்போம்" என்பேன். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு யாராலும் ஒரு வீட்டை நடத்த முடியாது. பணம் வந்த மாதம் கை தாராளமாகும், வராத மாதம் அவள் சம்பளத்தில் தொங்குவோம். ஆண்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் வருமானம் போதுமானதாகத்தான் இருந்தது. ஆனாலும் நான்கு மாதம் பணக்காரன், எட்டு மாதம் கடன்காரன் என்ற நிலை மாறவில்லை.

அதனால்தான் தொழிலுக்குத் தனிக் கணக்கு, அதிலிருந்து மாதம் ஒரே தொகை எனக்குச் சம்பளம் என்ற ஏற்பாட்டுக்கு வந்தேன். இது பலரும் சொல்லும் யோசனைதான். அந்தத் தொகை எவ்வளவு, கணக்கில் எவ்வளவு இருந்தால் அந்தத் தொகை தாங்கும் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு வசதிக்காக, எங்கள் வீட்டுக்கு மாதம் என் பங்காகத் தேவைப்படும் தொகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மனைவியின் சம்பளம் இதில் சேராது. இனிவரும் எண்கள் எல்லாம் இந்த 100-ஐ ஒட்டியவை. உங்கள் 100 எவ்வளவு என்பதை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

முதல் முயற்சியை ஓர் ஆண்டின் 10-ஆம் மாதத்தில் தொடங்கினேன். காரணம், அந்த மாதம் ஒரு பெரிய ஆண்டறிக்கைக்கான பணம் 500 வந்து சேர்ந்தது. சராசரியைக் கணக்குப் போட்டேன். அந்த ஆண்டில் மொத்தம் 1980 வரும் என்று தெரிந்தது, மாதத்துக்கு 165. கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்போம் என்று சம்பளத்தை 150 ஆக வைத்தேன். ஜாக்கிரதையாம்!

10-ஆம் மாதம் 500 வந்தது, 150 எடுத்தேன். 11-ஆம் மாதம் 200, 12-ஆம் மாதம் 200. சம்பளம் போக, ஆண்டு முடிவில் 450 மீதி இருந்திருக்க வேண்டும். மென்பொருள் சந்தா, எழுத்துரு உரிமம், கணினி பழுது என்று 90 செலவானதால் 360 இருந்தது. ஆனாலும் கணக்கு வளர்ந்துகொண்டே போவது போலத்தான் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுச் செலவும் 150-க்கு ஏற்றபடி விரிந்துவிட்டது. அடுத்த ஆண்டின் முதல் மாதம் 60 வந்தது, இரண்டாம் மாதம் ஒன்றும் வரவில்லை. சம்பளமும் சின்னச் செலவுகளும் போகக் கணக்கில் 105 நின்றது. அப்போதுதான் முந்தைய ஆண்டுக்கான வரியைக் கட்டும் நாள் வந்தது. கட்ட வேண்டியது 396.

291 குறைந்தது. மைத்துனரிடம் வாங்கித்தான் கட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் "ஏன் மாப்ளே, சம்பளம் எல்லாம் போட்டுக்கிறதா தங்கச்சி சொல்லுச்சே?" என்று ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்வி கடனைவிட அதிக நாள் நின்றது.

எங்கே தப்பு என்று உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு தப்புகள் தெரிந்தன. முதலாவது எளிது: வந்த பணம் முழுவதும் என்னுடையது என்று சராசரி போட்டது. இரண்டாவதுதான் நுணுக்கமானது: சராசரியை வைத்துச் சம்பளத்தை முடிவு செய்யலாம் என்று நினைத்ததே தப்பு.

முதல் தப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். போன ஆண்டுக்கான வரியை, போன ஆண்டு வந்த மொத்தப் பணத்தால் வகுத்தேன். எனக்கு 20 சதவீதம் வந்தது. தொழில் செலவையும் அதேபோல் வகுத்தேன், 10 சதவீதம். இப்போது தொழில் கணக்குக்குப் பணம் வந்த அன்றே 20 சதவீதத்தை வரிக்கென்று வைத்திருக்கும் மூன்றாவது கணக்குக்கு மாற்றிவிடுகிறேன். "வந்த அன்றே" என்பது முக்கியம். மாத முடிவில் மாற்றலாம் என்று விட்டால், மாத முடிவில் அது மாற்றும் அளவுக்கு இருக்காது. 10 சதவீதத் தொழில் செலவு தொழில் கணக்கிலேயே இருக்கும், ஆனால் சம்பளத்தைக் கணக்கிடும்போது அதைச் சேர்ப்பதில்லை. ஆக, 100 வந்தால் சம்பளத்துக்கு உரியது 70. என் 1980-ல் 1386 மட்டுமே என்னுடையது, மாதத்துக்கு 115.5. நான் 150 எடுத்துக்கொண்டிருந்தேன்!

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். தனி ஆளாகத் தொழில் செய்பவர் இப்படி எடுத்துக்கொள்வதைச் சம்பளம் என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். பெரும்பாலான நாடுகளின் வரிக் கணக்கில் அது செலவாக ஏற்கப்படாது. வரி லாபத்தின் மேல்தான், நீங்கள் கணக்கிலிருந்து எவ்வளவு எடுத்தீர்கள் என்பதன் மேல் அல்ல. அதனால் குறைந்த சம்பளம் போட்டால் வரி குறையும் என்று நினைக்க வேண்டாம். நிறுவனமாகப் பதிவு செய்து நடத்துபவர்களுக்குக் கதை வேறு. அவர்கள் சம்பளத் தொகையை முடிவு செய்வதற்கு முன்பே தங்கள் கணக்காளரிடம் பேசிவிடுவது நல்லது.

இப்போது இரண்டாவது தப்பு. இதற்குத்தான் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவைப்பட்டது.

மாதம் 115.5 சராசரி என்றால் 100 தாராளமாகத் தாங்கும் என்றுதான் தோன்றும். தாங்கும், ஆண்டு முழுவதையும் ஒரே மூட்டையாகப் பார்த்தால். ஆனால் பணம் மூட்டையாக வருவதில்லை, வரிசையாக வருகிறது. எந்த மாதத்துக்குப் பின் எந்த மாதம் என்பதுதான் உயிர். அந்த ஆண்டை அப்படியே எடுத்து, மாதா மாதம் 100 எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். ஆண்டுத் தொடக்கத்தில் கணக்கில் சுழியம் என்று வைத்துக்கொண்டேன்.

| மாதம் | வந்தது | அதில் 70% | 100 எடுத்த பின் மீதி |
|---|---|---|---|
| 1 | 300 | 210 | 110 |
| 2 | 50 | 35 | 45 |
| 3 | 0 | 0 | −55 |
| 4 | 150 | 105 | −50 |
| 5 | 350 | 245 | 95 |
| 6 | 100 | 70 | 65 |
| 7 | 0 | 0 | −35 |
| 8 | 50 | 35 | −100 |
| 9 | 80 | 56 | −144 |
| 10 | 500 | 350 | 106 |
| 11 | 200 | 140 | 146 |
| 12 | 200 | 140 | 186 |

ஆண்டு முடிவில் 186 மிச்சம். ஆனால் 9-ஆம் மாத முடிவில் 144 பள்ளம். கணக்கில் முன்பே ஏதாவது இருந்திருந்தால்தான் அந்தப் பள்ளத்தைத் தாண்டியிருக்க முடியும். அப்படியானால் 144 இருந்தால் போதுமா? முதலில் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் யோசித்தபோது அது முதல் மாதத்தில் 300 வந்த அதிர்ஷ்டத்தால் கிடைத்த எண் என்று புரிந்தது. நான் இந்த ஏற்பாட்டை 2-ஆம் மாதத்தில் தொடங்கியிருந்தால் அந்த 110 என் கையில் இருந்திருக்காது. சரியான அளவு, உச்சத்திலிருந்து அடி வரை: 110-லிருந்து −144 வரை, அதாவது 254.

இதே கணக்கை ஏரி, அணை கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் போடுகிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மழை நினைத்தபோது பெய்யும், மடையிலிருந்து தண்ணீர் ஒரே சீராகப் போக வேண்டும், அப்படியானால் தேக்கம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? வரத்தையும் போக்கையும் மாதா மாதம் கூட்டிக்கொண்டே போய், இரண்டுக்கும் நடுவே விழும் மிகப் பெரிய பள்ளத்தை அளக்கும் முறையை 1883-ல் ரிப்ல் என்ற பொறியாளர் எழுதி வைத்திருக்கிறார். நானும் ஏரிதான் கட்டிக்கொண்டிருந்தேன், தெரியாமலே.

254-லும் ஓர் ஓட்டை இருக்கிறது. அட்டவணை மாத முடிவைத்தான் காட்டுகிறது. எனக்குச் சம்பளம் 1-ஆம் தேதி. அந்த மாதத்தின் பணம் 20-ஆம் தேதிக்கு மேல்தான் வரும். 10-ஆம் மாதம் 500 வருவதற்கு முன்பே 1-ஆம் தேதி 100 போய்விடும், அப்போது பள்ளம் 244 ஆகிவிடும். அதனால் ஒரு மாதச் சம்பளத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 354. மூன்றரை மாதச் சம்பளம்.

விரிதாளில் இதைச் செய்ய அரை மணி நேரம் போதும். B பத்தியில் மாதா மாதம் சம்பளத்துக்கு உரிய தொகை, அதாவது வரியும் தொழில் செலவும் போக மிஞ்சியது, இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்கட்டும். G1-ல் நீங்கள் நினைக்கும் சம்பளம்.

```
G1: 100
C2: =B2-$G$1
C3: =C2+B3-$G$1
D2: =MAX(0,C$2:C2)
E2: =D2-C2
G2: =MAX(E2:E13)+G1
```

C3, D2, E2 மூன்றையும் கீழே இழுத்துவிடுங்கள். G2-ல் வருவதுதான் உங்களுக்குத் தேவையான இருப்பு. இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கு இருந்தால் எல்லாவற்றையும் போடுங்கள், E13-ஐ மட்டும் கடைசி வரிசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: B-யில் எழுத வேண்டியது பணம் கணக்குக்கு வந்த மாதம். பில் அனுப்பிய மாதத்தைப் போட்டால் எல்லாப் பள்ளமும் மறைந்து, அழகான பொய் ஒன்று கிடைக்கும்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு G1-ஐ மாற்றி மாற்றி விளையாடியபோதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒன்று கண்ணில் பட்டது. சம்பளத்தை 100-லிருந்து 105 ஆக்கினால் தேவைப்படும் இருப்பு 354-லிருந்து 399 ஆகிறது. ஐந்து கூட்டியதற்கு நாற்பத்தைந்து! காரணம், என் பள்ளம் 2-ஆம் மாதத்திலிருந்து 9-ஆம் மாதம் வரை எட்டு மாதம் நீள்கிறது. கூட்டிய ஐந்து ஒவ்வொரு மாதமும் கசிகிறது, எட்டு மாதத்தில் நாற்பது, முன்கூட்டிப் போகும் சம்பளத்துக்காக இன்னொரு ஐந்து. "கொஞ்சம்தானே கூட்டிக்கிறேன்" என்று சம்பளத்தில் கை வைக்கும்போது எவ்வளவு பெரிய ஏரி தேவைப்படுகிறது என்பது சராசரியைப் பார்த்தால் தெரியவே தெரியாது.

இன்னொரு சோதனையும் செய்தேன். எனக்குப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர்தான், அந்த 500-க்காரர். அவர் இரண்டு மாதம் தாமதித்தால்? 10-ஆம் மாதத்தில் 0 போட்டு, 500-ஐ 12-ஆம் மாதத்துக்குத் தள்ளினேன். தேவை 454 ஆனது. அவர் வராமலே போனால்? மாதச் சராசரி 86-க்கு இறங்குகிறது. எந்த இருப்பும் 100-ஐ நிரந்தரமாகத் தாங்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தாமதத்தை இருப்பு தாங்கும். ஆள் போய்விட்டால் இருப்பு கொஞ்சம் அவகாசம் மட்டும் வாங்கித் தரும், அதற்குள் சம்பளத்தைக் குறைத்தாக வேண்டும். நான் 450-ஐ, அதாவது நாலரை மாதச் சம்பளத்தை, என் இலக்காக வைத்துக்கொண்டேன்.

இலக்கு சரி, பணம் எங்கே? கணக்கில் அப்போது இருந்ததோ மைத்துனருக்குக் கொடுக்க வேண்டிய கடன் மட்டும்.

கடனை அடைத்த பின் உடனே சம்பளம் போட ஆரம்பிக்கவில்லை. கணக்கில் இரண்டு மாதச் சம்பளம் சேரும் வரை பழைய மாதிரியே, தேவைக்குத் தேவை எடுத்தேன். சுழியத்தில் தொடங்கினால் முதல் வறண்ட மாதத்திலேயே தானாகப் போகும் பரிமாற்றம் திரும்பி வரும். ஒரு முறை திரும்பி வந்தால் வீட்டில் யாரும் அதைச் சம்பளம் என்று நம்ப மாட்டார்கள், நான் உட்பட. பணம் வந்த ஒரு மாதத்துக்கு அடுத்து, சம்பளத்தை 100 ஆக இல்லாமல் 85 ஆக வைத்துத் தொடங்கினேன். மனைவியிடம் தாளைக் காட்டினேன். "பதினஞ்சு குறையுதே, அதை எங்கேர்ந்து எடுக்க?" என்றாள். விடுமுறைப் பயணத்தையும் வண்டி மாற்றுவதையும் தள்ளி வைத்தோம், மீதியை அவள் சம்பளம் தாங்கியது. 115.5 சராசரியில் 85 எடுத்தால் மாதம் 30 சேரும், சுழியத்திலிருந்து எண்ணினால் 450-க்குப் பதினைந்து மாதம் என்பது தாளின் கணக்கு. கடனை அடைத்த நாளிலிருந்து எனக்குப் பதினேழு ஆனது. நடுவில் கணினித் திரை ஒன்று போனது, அதற்கு 10 சதவீதத்தில் சேர்த்திருந்தது போதவில்லை.

நடைமுறையில் இருப்பது இவ்வளவுதான்: தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி தானாகப் போகும்படி வங்கியில் ஒரு முறை சொல்லி வைத்திருக்கிறேன். தொழில் கணக்கின் அட்டை என் பர்ஸில் இல்லை, மேஜை இழுப்பறையில் இருக்கிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். முதல் முயற்சியில் அட்டை பர்ஸில்தான் இருந்தது. ஒரு நாள் மாலை மளிகைப் பில்லுக்கு வீட்டு அட்டையை நீட்டினேன், பணம் போதவில்லை என்று வந்தது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கை தானாகத் தொழில் அட்டையை எடுத்தது. அடுத்த வாரம் பெட்ரோல். அதற்கடுத்து, "எப்படியும் என் பணம்தானே" என்று ஒரு கைப்பேசி. மூன்று மாதத்தில் இரண்டு கணக்கும் மறுபடி ஒன்றாகிவிட்டன, பெயர் மட்டும் வேறு வேறு.

இப்போது நான் பார்க்கும் எண் ஒன்றே ஒன்று. தொழில் கணக்கில் சம்பளத்துக்கு உரிய இருப்பைச் சம்பளத்தால் வகுத்தால் வருவது. 380 இருந்தால் 3.8. இன்னும் எத்தனை மாதம் ஒன்றும் வராமலே ஓட்டலாம் என்று அர்த்தம். மாதம் ஒரு முறை, சம்பளம் போன அடுத்த நாள் மட்டும் பார்க்கிறேன். அதில் வர வேண்டிய பில் எதையும் சேர்ப்பதில்லை. "செவ்வாய்க்கிழமை கண்டிப்பா போட்டுடறேன் சார்" என்று போனில் சொன்னதையும் சேர்ப்பதில்லை.

இந்த எண் 2-க்குக் கீழே போனால், அடுத்த 1-ஆம் தேதியிலிருந்து சம்பளம் 85. மறுபடி 3-ஐத் தாண்டும் வரை அப்படியே. பணம் தீர்ந்த பிறகு சம்பளத்தை நிறுத்துவதைவிட, இரண்டு மாதம் கையில் இருக்கும்போதே பதினைந்து குறைப்பது எவ்வளவோ மேல். வீட்டில் முன்கூட்டியே சொல்ல முடிகிறது. இதுவரை ஒரு முறைதான் குறைக்க வேண்டி வந்தது, ஐந்து மாதம் 85-ல் ஓடியது. எரிச்சலாக இருந்தது, பயமாக இல்லை.

மேல் பக்கத்துக்கும் ஒரு கோடு வேண்டும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது. நல்ல ஆண்டில் எண் 6, 7 என்று ஏறும்போது, கணக்கில் சும்மா கிடக்கும் பணம் கண்ணை உறுத்தும். "ஒரு தடவை மட்டும்" என்று எடுக்கத் தோன்றும். அதற்கென்றே ஆண்டுக்கு ஒரு முறை, வரி கட்டி முடித்த மாதத்தில், எண் 6-ஐத் தாண்டியிருந்தால் நாலரைக்கு மேலே இருப்பதில் பாதியை வீட்டுக்கு அனுப்புகிறேன். மனைவி இதைப் போனஸ் என்கிறாள். சம்பளத்தை உயர்த்துவது அதைவிடக் கடினம். புதிய தொகையை G1-ல் போட்டு, G2-ல் வரும் இருப்பு ஏற்கெனவே கையில் இருந்தால்தான் உயர்த்துவேன். வரப்போகிறது என்ற நம்பிக்கையில் உயர்த்துவதில்லை. ஒரு பெரிய வேலை கிடைத்தால் அது போனஸுக்கான காரணம். சம்பளத்தை உயர்த்த இரண்டு ஆண்டுக் கணக்காவது அதைத் தாங்க வேண்டும்.

நான் எதிர்பார்க்காத ஒன்று, விலை பேசும் விதம் மாறியது. முன்பெல்லாம் வறண்ட மாதத்தில் யாராவது, "உடனே பணம் போட்டுடறோம், பதினைந்து சதவீதம் குறைச்சுக்குங்க" என்றால் சரி என்பேன். எனக்கு அந்த வாரம் பணம் தேவை என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். இப்போது எண் 3-க்கு மேல் இருந்தால் அந்தப் பேச்சுக்கே போவதில்லை. 2-ஐ ஒட்டி வந்தால் மட்டும் யோசிப்பேன், அதுவும் முன்பணத்துக்கு, விலைக் குறைப்புக்கு அல்ல.

இந்த ஏற்பாடு எல்லாருக்கும் பொருந்தாது. மாதச் சராசரியே வீட்டுத் தேவைக்குக் கீழே இருந்தால், சீராக எடுப்பது அந்தப் பற்றாக்குறையைச் சில மாதம் மறைத்து வைக்கும், அவ்வளவுதான். முதல் ஆண்டில் இருப்பவர்களிடம் இந்தக் கணக்கைப் போடத் தேவையான வரலாறே இருக்காது. அவர்கள் எழுதி மட்டும் வரலாம், எந்த நாள் எவ்வளவு வந்தது என்று.

போன மாதம் எனக்கு ஒன்றும் வரவில்லை. 1-ஆம் தேதி காலை மனைவியின் கைப்பேசி ஒலித்தது, எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்துவிட்டு இஸ்திரியைத் தொடர்ந்தாள். அடுத்த நாள் என் எண் 4.3-லிருந்து 3.3 ஆகியிருந்தது. ஆண்டறிக்கைக்காரருக்கு அனுப்பிய பில்லுக்கு இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். மதியத்துக்குள் ஒரு நினைவூட்டல் அனுப்ப வேண்டும்.